வரிசையை யார் காப்பது?

கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் ஒன்றை மூன்று பேர் நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பில்லைச் சேமித்ததும் அதன் பிடிஎஃப் தயாராகி வாடிக்கையாளரின் மின்னஞ்சலுக்குப் போக வேண்டும். முதலில் அவர்கள் செய்தது எளிய ஏற்பாடு. செய்ய வேண்டிய வேலைகளைத் தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையில் எழுதிவைத்தார்கள். 5 நொடிக்கு ஒருமுறை அதை எட்டிப் பார்க்க ஒரு நிரல். இதற்குப் போலிங் என்று பெயர்.

கடை மூடிய பிறகும் சேர்த்து நாளைக்கு 17,280 முறை அது எட்டிப் பார்க்கும். தரவுத்தளத்துக்கு அது ஒரு சுமையே இல்லை. சிக்கல் வேறு. நிரல் ஒரு வேலையை எடுத்து, `processing` என்று குறித்துவிட்டு, பாதியில் நின்றுபோனால் அந்த வரி அப்படியே கிடக்கும். வாடிக்கையாளர் "பில் வரலையே" என்று கேட்கும்போதுதான் தெரியவரும். இதற்கு ஒரு சரிசெய்தல், மறுமுயற்சிக்கு இன்னொன்று என்று எழுதிக்கொண்டே போனால், பில் மென்பொருளை விட்டுவிட்டு வரிசை மென்பொருள் எழுதுவதில் போய் முடியும்.

அதனால் அமேசானின் எஸ்கியூஎஸ் என்ற வாடகை வரிசைக்கு மாறினார்கள். காரணத்தை ஒரு பக்கத்தில் எழுதியும் வைத்தார்கள். மைக்கேல் நைகார்ட் 2011-இல் முன்வைத்த வடிவம் அது: தலைப்பு, நிலை, சூழல், முடிவு, விளைவுகள்.

அதில் நான் முதலில் படிப்பது விளைவுகளைத்தான். எஸ்கியூஎஸ்ஸிலும் நிரல்தான் போய்க் கேட்க வேண்டும். வேலை வரும்வரை 20 நொடி வரை காத்திருக்கலாம், அவ்வளவுதான். உண்மையான லாபம் வேறு. எடுத்த வேலையை வரிசை 30 நொடி மறைத்து வைக்கிறது. அதற்குள் "முடிந்தது" என்று நிரல் அதை நீக்காவிட்டால் வேலை தானாகத் திரும்பி வருகிறது. பலமுறை தோற்றதைத் தனி வரிசைக்கு ஒதுக்கும்படியும் அமைக்கலாம்.

அந்த 30 நொடியிலேயே ஒரு கண்ணியும் இருக்கிறது. பெரிய பில்லுக்கு 40 நொடி பிடித்தால், முதல் நிரல் முடிக்குமுன் இன்னொன்று அதே வேலையை எடுத்துவிடும். ஒருவருக்கு இரண்டு மின்னஞ்சல். பதிவேட்டில் ஒரே பில் எண் 30 நொடி இடைவெளியில் இருமுறை தெரிந்தால் காரணம் இதுதான். ஆகவே மறைக்கும் நேரத்தை 3 நிமிடமாக்கி, பில் எண்ணைச் சரிபார்த்த பிறகே அனுப்புவது என்று எழுதினார்கள்.

இழந்ததையும் அவர்கள் மறைக்கவில்லை. பழைய முறையில் பில்லும் வேலையும் ஒரே பரிவர்த்தனையில் பதிந்தன. ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும். இப்போது பில் பதிந்தபின், வரிசைக்குச் சொல்லுமுன் சர்வர் விழுந்தால் அந்த வேலை எங்குமே இருக்காது. அதற்காக, 10 நிமிடமாகியும் அனுப்பப்படாத பில்களைத் தேடி வரிசையில் சேர்க்கும் சிறு நிரலை இரவில் ஒருமுறை ஓடவிட்டார்கள். தரவுத்தளத்தை எட்டிப் பார்க்கும் வேலை முழுதாக ஒழியவில்லை. நாளைக்கு ஒருமுறையாகக் குறைந்தது.