மட்டனுக்கு எத்தனை விசில்?

இந்தக் கேள்விக்கு ஒரு வீட்டில் நாலு என்பார்கள், அடுத்த வீட்டில் எட்டு என்பார்கள். இரண்டுமே சரியாக இருக்கலாம். அவர்கள் வாங்கிய ஆட்டின் வயது வேறு, அடுப்பை வைத்த விதமும் வேறு.

ஆட்டுத் தசையைக் கட்டிப்பிடித்திருப்பது கொலாஜன் என்ற புரதம். ஆடு முதிர முதிர அது இறுகிக்கொண்டே போகும். குக்கரில் அழுத்தம் ஏறும்போது தண்ணீர் 120 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகிறது. அந்தச் சூட்டில் கொலாஜன் இளகி, வழவழப்பான ஜெலட்டினாக மாறும். இளங்குட்டியில் இது சீக்கிரம் நடந்துவிடும், முற்றிய கடாவில் நேரம் பிடிக்கும்.

வயதைக் கறிக்கடையிலேயே கண்டுகொள்ளலாம். இளங்கறி வெளிர் சிவப்பாக இருக்கும், நெஞ்செலும்பு மெல்லியதாக, சுலபமாக வெட்டுப்படும். முற்றிய கறி கருஞ்சிவப்பு. எலும்பு தடித்து, வெட்டும்போது கத்தி திணறும்.

அரைக் கிலோ தொடைக்கறியை எடுத்துக்கொள்வோம். மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது சேர்த்து வதக்கி, ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி மூடுங்கள். முதல் விசில் வரும்வரை தீ பெரிதாக இருக்கட்டும், பிறகு சிம்மில் வையுங்கள். இளங்கறி என்றால் மொத்தம் நாலைந்து விசில், நடுத்தரம் ஆறேழு, முற்றியது என்றால் பத்து வரை போகலாம். ஆனால் இந்தக் கணக்கு சிம்முக்கு மட்டும்தான். பெரிய தீயில் நிமிடத்துக்கு ஒன்றாக விசில் அடித்துத் தள்ளும், கறி அதற்குள் வெந்திருக்காது. சந்தேகமாக இருந்தால் கடிகாரத்தைப் பாருங்கள்: முதல் விசிலுக்குப் பின் சிம்மில் இளங்கறிக்குப் பன்னிரண்டு நிமிடம், நடுத்தரத்துக்கு இருபது, முற்றியதற்கு அரைமணி.

பலரும் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். அடுப்பை அணைத்ததும் வெயிட்டைத் தூக்கி ஆவியை விடுவார்கள், அல்லது குக்கரைக் குழாயடியில் பிடிப்பார்கள். அழுத்தம் சட்டென்று இறங்கினால், நூறு டிகிரிக்கு மேல் இருக்கும் குழம்பு ஒரே நொடியில் கொதித்துப் பொங்கும். மஞ்சளும் கொழுப்பும் கலந்த நுரை துவாரம் வழியே சீறி, கையைப் பொசுக்கவும் செய்யும். துண்டுகளுக்கு உள்ளே இருக்கும் தண்ணீரும் அதே நொடியில் ஆவியாகி வெளியேறுவதால் கறி வெந்திருந்தும் வறண்டு, நார் நாராகச் சக்கையாகிவிடும்.

அப்படியே விட்டால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆவி தானாக அடங்கும். கொதிப்பு மெல்ல ஓய்வதால் சாறு கறிக்குள்ளேயே தங்கும். அந்தச் சூட்டில் கறி இன்னும் கொஞ்சம் வேகும் என்பதையும் கணக்கில் சேருங்கள். எனவே இளங்குட்டிக்கு ஒரு விசில் குறைத்தே அணைப்பது நல்லது, இல்லாவிட்டால் எலும்பு தனியே கழன்று கறி கரைந்துபோகும்.

வெயிட்டை லேசாகத் தூக்கிப் பார்த்து, சத்தமே வராவிட்டால் திறக்கலாம். எலும்பு முனையிலிருந்து கறி சற்று விலகி, விரலால் அழுத்தினால் பிளவுபட வேண்டும். ரப்பர் மாதிரி இழுத்தால் கொலாஜன் இன்னும் இளகவில்லை. சுடுதண்ணீர் அரைத் தம்ளர் ஊற்றி இன்னும் இரண்டு மூன்று விசில் விடுங்கள், இந்த முறையும் ஆவி தானாக அடங்கட்டும்.