தடுப்பூசி ஃப்ரிட்ஜ் வெப்பநிலை: சராசரி போட்டால் ஆபத்து தெரியாது, ஏன்?

ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர். ஃப்ரிட்ஜுக்குள் வெப்பநிலை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கணும். காலை, மாலை என இரண்டு வேளையும் பார்த்து தாளில் எழுதுவார்கள். அதை கணினியில் தினசரிப் பதிவாக ஏற்றும்போதுதான் சிக்கல் வருகிறது.

சராசரி ஏன் வேண்டாம்?

காலையில் 0.5, மாலையில் 8.5 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 4.5. பார்க்க எல்லாம் சரியாகத் தெரியும். ஆனா இரண்டு அளவுமே எல்லை தாண்டியவை. அதனால் ஒவ்வொரு அளவுக்கும் தனி வரிசை வேண்டும்.

எழுதாமல் விட்டால்?

எக்செல், காலியான கட்டத்தை 0 என்று எடுத்துக்கொள்ளும். எழுத மறந்த வேளையும் 'உறைநிலை' எச்சரிக்கையாக வந்துவிடும். முதலில் காலியா என்று பார்க்கும் சூத்திரம் இது:

```
=IF(C2="","பதிவு இல்லை",IF(OR(C2<2,C2>8),"சரிபார்","சரி"))
```

1-ஆ, 7-ஆ?

கையெழுத்தில் 1.4-உம் 7.4-உம் ஒரே மாதிரி தெரியலாம். ஊகித்து ஏற்றக் கூடாது. எழுதியவரிடம் கேட்டு, ஃப்ரிட்ஜில் தானியங்கி பதிவுக் கருவி இருந்தால் அதோடு ஒப்பிட வேண்டும்.

'சரிபார்' வந்தால்?

உடனே மருந்தைக் கொட்ட வேண்டியதில்லை. தனியே எடுத்து, சரியான குளிரில் வைத்து, பொறுப்பு அதிகாரிக்குச் சொல்ல வேண்டும். 2-க்குக் கீழே போனால் கூடுதல் கவனம் தேவை. ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட் போன்றவை ஒருமுறை உறைந்தாலே வீரியம் போய்விடும். மறுபடி உருகினாலும் திரும்பாது.