உஷார்! எஸ்எம்பிஎஸ் மாற்றும்போது பழைய கேபிளை உள்ளே விட்டுவைக்காதீர்கள்

கம்ப்யூட்டரில் எஸ்எம்பிஎஸ் மாற்றப்போகிறீர்களா? ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பழைய எஸ்எம்பிஎஸ்ஸும் மாடுலர், புதியதும் மாடுலர் என்றால் இன்னும் கவனமாகப் படியுங்கள். ஏனென்றால் ஹார்டு டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் ஒரே நொடியில் கருகிப்போகும் ஆபத்து உங்களுக்குத்தான் அதிகம்.

பழைய ரக எஸ்எம்பிஎஸ்ஸில் எல்லா கேபிளும் பெட்டிக்கு உள்ளேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், கழற்ற முடியாது. இது நான்-மாடுலர். மாடுலரில் பெட்டியின் முதுகில் வரிசையாகச் சாக்கெட்டுகள் இருக்கும், தேவையான கேபிளை மட்டும் செருகிக்கொள்ளலாம். மதர்போர்டு கேபிளும் சிபியு கேபிளும் மட்டும் நிரந்தரமாக இருந்து, மற்றவை கழன்று வந்தால் அது செமி-மாடுலர்.

ஆபத்து அந்தச் சாக்கெட்டுகளில்தான். கேபிளின் ஒரு முனை ஹார்டு டிஸ்க்கிலோ மதர்போர்டிலோ செருகப்படுகிறது. அந்த முனையில் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் வரவேண்டும் என்பதற்கு உலகம் முழுக்க ஒரே விதி உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கமுள்ள மறுமுனைக்கு அப்படி ஒரு விதியே கிடையாது. இன்டெல் வெளியிடும் ஏடிஎக்ஸ் வழிகாட்டி அதைத் தயாரிப்பாளரின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. ஒரு கம்பெனி ஆறு பின் சாக்கெட்டின் மூலையில் 12 வோல்ட்டை வைக்கும், இன்னொரு கம்பெனி அதே மூலையில் 5 வோல்ட்டையோ கிரவுண்டையோ வைக்கும். பிளாஸ்டிக் முனையின் வடிவமோ பல சமயம் ஒன்றுபோலவே இருக்கும். பழைய கேபிள் புதிய பெட்டியில் ‘டக்’ என்று உட்கார்ந்துவிடும். உட்கார்ந்துவிட்டதே, அப்படியென்றால் பொருந்துகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

நன்றாக வேலை செய்பவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். கேபினெட்டின் பின்பக்க மூடியைத் திறந்தால் மதர்போர்டு ட்ரேயின் முதுகில் கேபிள்களெல்லாம் அழகாக வளைந்து, டை போட்டு இறுக்கி, துளைகள் வழியாக உள்ளே போயிருக்கும். முன்பு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து செய்த வேலை அது. அதைக் கலைக்க மனம் வராது. ‘பெட்டியை மட்டும் உருவிவிட்டு, புதுப் பெட்டியை வைத்து, இதே முனைகளைச் செருகிவிட்டால் போதுமே’ என்று கை தானாக அதைச் செய்துவிடும்.

எனக்குத் தெரிந்த கல்யாண வீடியோ எடிட்டர் ஒருவருக்கு நடந்தது இதுதான். புது கிராபிக்ஸ் கார்டு வாங்கினார். 550 வாட் போதாது என்று 750 வாட் எஸ்எம்பிஎஸ் வந்தது. புது டப்பாவில் கேபிள் பை பிரிக்கப்படாமலே கிடந்தது. மதர்போர்டு, சிபியு, கிராபிக்ஸ் கார்டு ஆகிய மூன்றுக்கும் புதுக் கேபிள் போட்டார். சாட்டா கேபிள் மட்டும் ட்ரேக்குப் பின்னால் டிஸ்க் கூண்டு வரை நேர்த்தியாகப் போயிருந்ததால் அதைத் தொடவில்லை. ஒரு எஸ்எஸ்டி, இரண்டு ஹார்டு டிஸ்க், மூன்றும் அந்த ஒரே கேபிளில். சுவிட்சைப் போட்டதும் ஃபேன் அரைச்சுற்று சுற்றி நின்றுவிட்டது. திரும்பப் போட்டார், அதே கதை. பிளாஸ்டிக் கருகும் வாடை மெல்ல வந்தது.

தெரிந்த மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் பின்மூடியைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி: “தம்பி, இந்தச் சாட்டா கேபிள் எந்த டப்பாவுல இருந்து வந்தது?”

“பழசுதாண்ணே. நல்லாத்தான இருக்கு?”

“கேபிள் நல்லாத்தான் இருக்கு. இந்தப் பெட்டிக்கு உண்டானது இல்ல.”

மூன்று டிஸ்க்கையும் கேபிளிலிருந்து பிரித்ததும் கம்ப்யூட்டர் ஒழுங்காக ஆன் ஆனது. இந்த அறிகுறியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் மாட்டியிருந்தால் ஆன் ஆகாது, கழற்றினால் ஆன் ஆகும். டிஸ்க்கின் மின் நுழைவாயில் ஷார்ட் ஆகிவிட்டது என்று அதற்குப் பொருள்.

உள்ளே நடந்தது என்ன? சாட்டா பவர் முனையில் 15 பின்கள், மும்மூன்றாக ஐந்து கூட்டம். வரிசையாக 3.3 வோல்ட், கிரவுண்டு, 5 வோல்ட், கிரவுண்டு, 12 வோல்ட். மறுமுனையில் கம்பிகள் இடம் மாறியிருந்ததால், 5 வோல்ட் வரவேண்டிய பின்களுக்கு 12 வோல்ட் போயிற்று. ஹார்டு டிஸ்க்கின் சர்க்யூட் போர்டில் இதற்கென்றே ஒரு பாதுகாப்பு டையோடு உண்டு. வோல்டேஜ் எகிறினால் அது தன்னையே ஷார்ட் ஆக்கிக்கொண்டு மற்ற சிப்புகளைக் காக்கப் பார்க்கும். சில சமயம் காப்பாற்றிவிடும், சில சமயம் மோட்டாரை இயக்கும் சிப்பும் சேர்ந்து போய்விடும். சாட்டா எஸ்எஸ்டியோ பெரும்பாலும் 5 வோல்ட்டை மட்டும் நம்பி இயங்குவது. அதன் தலையில் 12 வோல்ட் இறங்கினால் தாக்குப்பிடிப்பது கடினம்.

‘நல்ல கம்பெனி எஸ்எம்பிஎஸ், எல்லா புரொடெக்ஷனும் இருக்கிறது, அது தடுக்காதா?’ என்று கேட்பீர்கள். தடுக்காது. அந்தப் பாதுகாப்பு பார்ப்பது, தன் 12 வோல்ட் லைன் 12-இல் இருக்கிறதா, 5 வோல்ட் லைன் 5-இல் இருக்கிறதா என்பதைத்தான். இரண்டும் சரியாகவே இருந்தன. அந்த 12 வோல்ட் எந்தக் கம்பி வழியாக எங்கே போகிறது என்பது பெட்டிக்குத் தெரியாது. டிஸ்க் ஷார்ட் ஆன பிறகு கரன்ட் எகிறுவதைக் கண்டு அது அணைந்துகொள்ளும். ஃபேன் அரைச்சுற்றில் நின்றது அதனால்தான். அதற்குள் சேதம் முடிந்திருக்கும்.

ஒரே பிராண்டு என்றாலும் நம்பாதீர்கள். ஒரு பிராண்டு தன் பெயரில் விற்கும் எஸ்எம்பிஎஸ்களை வெவ்வேறு தொழிற்சாலைகளில் செய்து வாங்குவது சாதாரணம். மாடலுக்கு மாடல் சாக்கெட் அமைப்பு மாறும். கோர்செயர் கம்பெனி தன் கேபிள்களில் ‘டைப் 3’, ‘டைப் 4’ என்று அச்சிட்டு, எது எதோடு சேரும் என்று தனிப் பட்டியலே வெளியிடுகிறது. அந்த இரண்டு வகையிலும் மதர்போர்டு கேபிள் ஒன்றுக்கொன்று சேராது. இப்படி அச்சிடாத கம்பெனிகளும் உண்டு. முன்பெல்லாம் மஞ்சள் 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, கறுப்பு கிரவுண்டு என்று கம்பி நிறத்தைப் பார்த்தாவது சந்தேகப்படலாம். இன்று மாடுலர் கேபிள்களில் பெரும்பாலும் எல்லாமே கறுப்பு. அழகுக்காகக் கிடைத்த அந்தக் கறுப்பு, நமக்கிருந்த ஒரே எச்சரிக்கையையும் பறித்துவிட்டது.

ஆகவே பெட்டி மாறினால் கேபிளும் மாறவேண்டும், ஒன்று விடாமல். முதலில் பின்மூடியைத் திறந்து, வழித்தடம் மறக்காதிருக்க மொபைலில் ஒரு போட்டோ எடுங்கள். பிறகு தயங்காமல் எல்லா டையையும் வெட்டுங்கள். வெட்டும்போது கட்டரின் வாய் கம்பியின் மேலுறையைத் தொடக்கூடாது. கழற்றிய கேபிள் அத்தனையும் பழைய பெட்டியோடு, அதே டப்பாவுக்குள் போகட்டும். மேசை டிராயரில் ‘எப்போதாவது உதவும்’ என்று ஒரு சாட்டா கேபிள் கிடந்தால், அது அடுத்த விபத்துக்கான விதை. புதுக் கேபிள் ஒவ்வொன்றிலும், எஸ்எம்பிஎஸ் முனைக்குப் பக்கத்தில் சிறு மாஸ்கிங் டேப் ஒட்டி மாடல் பெயரை எழுதிவிடுங்கள். செகண்ட் ஹாண்டில் எஸ்எம்பிஎஸ் வாங்குபவர்கள் அதனுடன் வந்த அசல் கேபிள்களையும் கேட்டு வாங்குங்கள். கேபிள் இல்லாத மாடுலர் பெட்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எனக்கு வேண்டாம்.

அடுத்து வழித்தடம். கேபினெட்டின் அடியில் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மூடிய அறை இருந்தால், பெட்டியை உள்ளே வைத்த பின் சாக்கெட்டை எட்டுவது சிரமம். கேபிள்களை வெளியிலேயே செருகி, கொக்கி ‘டக்’ என்று விழுவதைக் காதால் கேட்டுவிட்டு, பிறகு பெட்டியைத் தள்ளுங்கள். அரைகுறையாக உட்கார்ந்த முனை லோடு ஏறும்போது சூடாகி உருகும்.

ட்ரேயின் மேல் இடது மூலைத் துளைக்குப் போகும் சிபியு கேபிளை முதலில் விடுங்கள். கூலர் மாட்டிய பிறகு அந்த மூலையில் விரல் நுழையாது. இங்கே இன்னொரு கண்ணி உண்டு. சிபியு கேபிளும் கிராபிக்ஸ் கார்டு கேபிளும் எட்டு பின்தான், ஆனால் கிரவுண்டும் 12 வோல்ட்டும் அவற்றில் எதிரெதிர்ப் பக்கம். முனை நான்கு நான்காகப் பிரிந்தால் சிபியு, ஆறும் இரண்டுமாகப் பிரிந்தால் கிராபிக்ஸ் கார்டு. நுழைய மறுத்தால் அழுத்தாதீர்கள், எடுத்துப் பாருங்கள்.

இருப்பதிலேயே தடித்தது 24 பின் மதர்போர்டு கேபிள். ட்ரேயில் ஆழமான பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே அதைத் தனியாகப் போடுங்கள். அதன்மேல் இன்னொரு தடித்த கேபிள் குறுக்கே ஏறினால் மூடி புடைத்துக்கொள்ளும். பலர் முழங்காலால் அழுத்தி மூடியைத் திருகிவிடுகிறார்கள். அந்த அழுத்தம் நேராகச் சாட்டா முனைமேல் விழுகிறது. டிஸ்க்கில் இருக்கும் மெல்லிய ‘எல்’ வடிவப் பிளாஸ்டிக் நாக்கு அதில் முறிந்து போகும். உள்ளங்கையால் மெதுவாகத் தள்ளி மூட முடியாவிட்டால், திறந்து கேபிளை மறுபடி பரப்புங்கள். கட்டுவதற்குப் பிளாஸ்டிக் டையைவிட வெல்க்ரோ மேல். அவிழ்ப்பது சுலபம் என்றால், அடுத்த முறை பழைய கேபிளை விட்டுவைக்கும் ஆசையும் குறையும்.

இந்தக் கவனமெல்லாம் நமக்கு ஆகாது என்பவர்களுக்கு நான் நான்-மாடுலரையே சொல்வேன். வேண்டாத கேபிள்களைச் சுருட்டி அடியறையில் திணிக்கவேண்டும், பின்பக்கம் கொஞ்சம் பருத்திருக்கும், அவ்வளவுதான். பெட்டியை உருவினால் கேபிளும் கூடவே வந்துவிடும், தவறு நடக்க வழியில்லை. செமி-மாடுலரில் மட்டும் ஏமாறாதீர்கள். மதர்போர்டு கேபிள் நிரந்தரமானது என்ற தைரியத்தில், கழன்று வரும் சாட்டா கேபிளைச் சோதிக்காமல் விட்டுவிடுவோம். எரிவது டிஸ்க்தான்.

ஏற்கெனவே நடந்துவிட்டதா? சுவரிலிருந்து பிளக்கை உருவுங்கள். இன்னொரு முறை போட்டுப் பார்க்காதீர்கள். அந்த டிஸ்க்கை நண்பரின் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கவும் வேண்டாம். அதே மாடல் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டை வாங்கி மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இன்றைய போர்டுகளில் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் சிப்பில் பதிந்திருப்பதால், போர்டை மாற்றினால் மட்டும் போதாது. டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொடுக்கும்போது, ‘வேறு எஸ்எம்பிஎஸ் கேபிளைப் போட்டுவிட்டோம்’ என்று மறைக்காமல் சொல்லுங்கள். அவர் முதலில் அந்தப் பாதுகாப்பு டையோடைச் சோதிப்பார். ஹார்டு டிஸ்க்காக இருந்து, எரிந்தது அது மட்டும்தான் என்றால் ஃபைல்கள் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு.