கல்லாவைப் பார்க்க வேண்டிய கேமரா சுவரைப் பார்க்குதா? புதுசா சேவ் பண்ணுறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க!

கடையில் பணம் குறைகிறது. சிசிடிவி பதிவை ஓட்டிப் பார்த்தால், கல்லாவுக்குப் பதில் பக்கத்துச் சுவரும் பாதி காலண்டரும்தான் தெரிகிறது. கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சேவ் செய்து வைத்த இடத்தை விட்டு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துவிட்டது. பக்கவாட்டில் திரும்பி, மேலும் கீழும் சாய்ந்து, ஜூம் செய்யும் பி.டி.இசட் கேமராக்களில் இது அடிக்கடி வரும் சிக்கல்.

பிரீசெட், பேட்ரோல்னா என்ன?

கேமராவை ஒரு இடத்துக்குத் திருப்பி, ஒரு எண் கொடுத்து சேவ் செய்வது பிரீசெட். அந்த எண்களை வரிசையாகச் சுற்றி வரச் சொல்வது பேட்ரோல். சில ஆப்களில் இது Tour என்று இருக்கும்.

ஒரு சூப்பர் மார்க்கெட்டை எடுத்துக்கொள்வோம். 1 கல்லா, 2 வாசல், 3 விலை அதிகமான பொருள் இருக்கும் ரேக், 4 குடோன் கதவு. கல்லாவில் 20 விநாடி, ரேக்கில் 15, மற்ற இரண்டிலும் தலா 10 விநாடி நிற்கும்படி வைத்தால், திரும்பும் நேரத்தையும் சேர்த்து ஒரு சுற்றுக்கு கிட்டத்தட்ட ஒரு நிமிஷம். அதாவது நிமிஷத்துக்கு 40 விநாடி கல்லாவை யாரும் பார்க்கவில்லை. அதனால் கல்லாவுக்கு அசையாத சாதா கேமரா ஒன்று தனியாக இருந்தே ஆக வேண்டும்.

ஏன் நகர்கிறது?

தான் எதைப் பார்க்கிறோம் என்பது கேமராவுக்குத் தெரியாது. ஆன் ஆனதும் ஒரு முறை சுழன்று தன் தொடக்கப் புள்ளியைக் கண்டுபிடிக்கும். அங்கிருந்து மோட்டார் எத்தனை அடி நகர்ந்தது என்று எண்ணிக்கொண்டே இருக்கும். பிரீசெட் என்பது அந்த எண்ணிக்கைதான். ஒட்டடை அடிக்கும்போது கையால் திருப்பினாலோ, உள்ளே பெல்ட் தளர்ந்து வழுக்கினாலோ, கரன்ட் போதாமல் மோட்டார் திணறினாலோ கணக்கு தப்பிவிடும். விலை குறைந்த மாடல்களில் தப்பிய கணக்கைத் தானாகத் திருத்திக்கொள்ளும் வசதி பெரும்பாலும் இருக்காது.

ஜூம் அதிகமாக இருந்தால் பாதிப்பும் அதிகம். 25 மடங்கு ஜூம் உள்ள கேமராவை முழுசாக ஜூம் செய்தால், 20 அடி தூரத்தில் சுமார் 10 இன்ச் அகலம்தான் தெரியும். அங்கே ஒரே ஒரு டிகிரி நகர்ந்தால் படம் 4 இன்ச் தள்ளிப்போகும். அதனால் சேவ் செய்யும்போதே கல்லாவைச் சுற்றி கொஞ்சம் இடம் விட்டு ஜூம் வைப்பது நல்லது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் பேட்ரோலை நிறுத்திவிட்டு, கேமராவை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அது சுழன்று முடித்ததும் 1, 2, 3, 4 என ஒவ்வொரு பிரீசெட்டையும் அழைத்துப் பார்க்க வேண்டும்.

எல்லாம் சரியான இடத்துக்கு வந்துவிட்டால், தப்பியது மோட்டார் கணக்குதான். ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் எல்லா பிரீசெட்டும் ஒரே பக்கம், ஒரே அளவு தள்ளியிருந்தால், கேமராவைத் தாங்கும் கிளாம்ப் திரும்பியிருக்கலாம். வாசல் பக்கம் படம் மேலேயும், எதிர்ப்பக்க குடோன் கதவு கீழேயும் போயிருந்தால் கிளாம்ப் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அப்போது ஸ்க்ரூவை டைட் செய்த பிறகுதான் அடுத்த வேலை.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். சாயங்காலம் கல்லா தள்ளித் தெரிகிறது என்று, அப்படியே திருப்பி சேவ் செய்துவிடுகிறார்கள். அப்போதைக்கு சரியாகத்தான் தெரியும். ஆனால் சேவ் ஆனது தப்பான கணக்கு. மறுநாள் கரன்ட் போய் வந்தால் கேமரா சரியான தொடக்கப் புள்ளிக்கு வந்துவிடும், நேற்று சேவ் செய்த பிரீசெட் எதிர்ப்பக்கம் தள்ளிப்போகும். வரிசை இதுதான்: டைட் செய்வது, ரீஸ்டார்ட், அப்புறமும் தேவைப்பட்டால் மட்டும் சேவ். அதே எண்ணில் சேவ் செய்தால் போதும். பேட்ரோல் எண்களை மட்டுமே வைத்திருப்பதால் அதை மறுபடி அமைக்க வேண்டியதில்லை.

மறுபடி மறுபடி நகர்ந்தால்?

ராத்திரியில் மட்டும் கேமரா தானாக ஆஃப் ஆகி ஆன் ஆனால் பவரைச் சந்தேகிக்கலாம். இருட்டில் ஐ.ஆர். லைட்டும் மோட்டாரும் சேர்ந்து ஓடும்போது கரன்ட் அதிகம் தேவைப்படும். சாதா பி.ஓ.இ. சுவிட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட்தான் தரும், பெரிய பி.டி.இசட்டுக்கு 30 வாட் தரும் பி.ஓ.இ. பிளஸ் தேவைப்படலாம். 12 வோல்ட் அடாப்டரில் இருந்து நீளமாக மெல்லிய வயர் இழுத்திருந்தாலும் இதே கதைதான்.

பவர் சரியாக இருந்தும் சில மணி நேரத்தில் மறுபடி நகர்ந்தால், பெல்ட்டையோ கியரையோ சர்வீஸில் காட்ட வேண்டும். அதுவரை தினமும் ஒரு முறை ஆட்டோ ரீஸ்டார்ட் வைத்து ஓரளவு சமாளிக்கலாம். நேரம் மட்டும் நள்ளிரவாக வேண்டாம், அந்த ஒன்றிரண்டு நிமிஷம் பதிவு இருக்காது. காலையில் ஆட்கள் கடை திறக்கும் நேரம் வசதி. கடை மூடிய பிறகு பேட்ரோலையும் நிறுத்தி, ஷட்டரைப் பார்க்கும்படி நிறுத்திவிட்டால் மோட்டார் தேய்மானமும் குறையும்.

பிரீசெட் சேவ் செய்த அன்றே ஒவ்வொன்றையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லா மேஜையின் ஒரு மூலை அதில் எங்கே இருக்கிறது என்று வாரம் ஒரு தடவை ஒப்பிட்டால், நகர ஆரம்பித்ததும் தெரிந்துவிடும்.