மாதம் 3,250 ரூபாய்தான்!

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போதே இருசக்கர வாகன ஷோரூம் வாசலில் வாழைமரமும் பேனரும் ஏறிவிடும். பேனரில் பெரிய எழுத்தில் இருப்பது வண்டியின் விலை அல்ல, மாதத் தவணை. உள்ளே போனதும் முதல் கேள்வியும் அதுதான்: “சார், மாசம் எவ்வளவு கட்ட முடியும்?” அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால் அதற்கேற்ற கணக்கை அவர்களே போட்டுத் தருவார்கள். வட்டி என்ன என்று கேட்டால், “பத்து பர்சென்ட்தான் சார், ஃபிளாட்” என்பார்கள். இந்த ‘ஃபிளாட்’ என்ற ஒரு சொல்லைப் புரிந்துகொண்டால் போதும், பாதிக் கணக்கு விளங்கிவிடும்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். வண்டியின் ஆன்ரோடு விலை 1,10,000 ரூபாய். முன்பணம் 20,000 கட்டுகிறீர்கள். மீதி 90,000 கடன், மூன்று வருடம், ஃபிளாட் 10 சதவீதம். வருடத்துக்கு 9,000 வீதம் மூன்று வருடத்துக்கு வட்டி 27,000. அதை அசலோடு சேர்த்தால் 1,17,000. முப்பத்தாறால் வகுத்தால் மாதம் 3,250. கணக்கு சுத்தமாகத்தான் இருக்கிறது.

ஆனால் நீங்கள் 90,000 ரூபாயை மூன்று வருடமும் கையில் வைத்திருக்கவில்லையே! முதல் மாதத்திலிருந்தே அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறீர்கள். பக்கத்து வீட்டில் நூறு ரூபாய் கடன் வாங்கி, ஐம்பதைத் திருப்பிக் கொடுத்த பிறகும் நூறு ரூபாய்க்கே வட்டி கேட்டால் சும்மா இருப்போமா? ஃபிளாட் வட்டி செய்வது இதைத்தான். மீதமுள்ள அசலுக்கு மட்டும் வட்டி போடுவது குறையும் இருப்பு முறை. அந்த முறையில் அதே 10 சதவீதம் என்றால் தவணை ஏறத்தாழ 2,904 ரூபாய்தான் வரும். மொத்த வட்டி 14,500 ரூபாய் அளவில் நிற்கும். இதைத் திருப்பிப் பார்த்தால், 3,250 தவணைக்கான உண்மையான வட்டி வருடத்துக்கு கிட்டத்தட்ட 18 சதவீதம்.

இதோடும் நிற்பதில்லை. பிராசசிங், ஆவணச் செலவு, கடன் காப்பீடு என்று பில்லில் சில வரிகள் இருக்கும். அவற்றுக்காக 2,500 ரூபாய் முன்னதாகவே போனால் உங்களுக்குக் கிடைத்த கடன் உண்மையில் 87,500தான்; தவணையோ அதே 3,250. இப்போது வட்டி ஏறத்தாழ 20 சதவீதம். வாசலில் கேட்ட பத்து, வீட்டுக்கு வருவதற்குள் இருபதாகிவிட்டது.

இந்த வித்தியாசம் கடனை இடையில் முடிக்க நினைக்கும்போதுதான் பலருக்கும் உறைக்கும். ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டிய தொகை 39,000. அசல் எவ்வளவு குறைந்திருக்கும்? 25,000 அளவுதான். இன்னும் 65,000 பாக்கி. தொடக்க மாதங்களின் தவணையில் வட்டியின் பங்கு அதிகம் என்பதால் இப்படி. முன்கூட்டி அடைத்தால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

“வட்டியே இல்லை” என்ற சலுகைக்கு வேறு சோதனை இருக்கிறது. முழுப் பணமும் இப்போதே கொடுத்தால் விலை எவ்வளவு குறையும் என்று கேளுங்கள். நாலாயிரம் குறையும் என்றால், தவணையில் வாங்குபவர் அந்த நாலாயிரத்தை இழக்கிறார். அவர் கட்டும் வட்டி அதுதான், பெயர் மட்டும் வேறு.

இவ்வளவு கணக்கையும் ஷோரூமில் நின்றபடி யாரும் போட முடியாது. போட வேண்டியதும் இல்லை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2024 அக்டோபர் 1 முதல், வங்கியோ நிதி நிறுவனமோ தனிநபருக்கு இத்தகைய கடன் தரும்போது ‘கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்’ என்ற விவரத்தாளைத் தர வேண்டும். அதில் ஏ.பி.ஆர். என்று ஒரு எண் இருக்கும். வட்டி, கட்டணம், கடனோடு சேர்த்து வசூலிக்கும் காப்பீடு எல்லாவற்றையும் உள்ளடக்கிய வருடாந்திரச் செலவு அது. நம் உதாரணத்தில் அங்கே 20 என்று இருக்கும். இரண்டு ஷோரூம்களின் சலுகையை ஒப்பிட அந்த எண் ஒன்றே போதும். தாளில் குறிப்பிடாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்கவும் கூடாது.

ஷோரூம் நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். “கடன் 90,000, மாதம் 3,250 வீதம் 36 தவணை, மொத்தம் கட்டுவது 1,17,000, கட்டணம் தனியாக 2,500, ஏ.பி.ஆர். 20” என்று பேனரிலேயே ஒரு வரி எழுதுங்கள். தெரிந்து வாங்கியவர் தவணையைத் தவறவிடுவது குறைவு.

வாங்குபவர்கள் அந்தத் தாளைத் தமிழில் கேளுங்கள். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும் என்பது விதி. அதில் உள்ள நிபந்தனைகள் குறைந்தது மூன்று வேலை நாட்களுக்குச் செல்லும். “இன்னைக்கு மட்டும்தான் சார் ஆஃபர்” என்றாலும், தாளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வந்து கையெழுத்துப் போடுங்கள்.