வணக்கம் சொன்னதும் விலைப்பட்டியலா? லிங்க்ட்இன்னில் ஆர்டர் பிடிக்கும் ஒரகடம் வழி

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று அந்தப் பக்கம் வண்டியில் போனால் ஹூண்டாய், ரெனோ, ராயல் என்ஃபீல்டு என்று பெரிய பெயர்களே கண்ணில் படும். அவற்றுக்கு உதிரி பாகம் செய்பவர்கள், அந்த உதிரிக்காரர்களுக்கு டூல் தீட்டிக் கொடுப்பவர்கள் எனப் பெயர்ப்பலகைகூட இல்லாத பட்டறைகள் பின்னால் வரிசைகட்டி நிற்கின்றன. இரண்டு மெஷின், நான்கு ஆட்கள், ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளர். அந்த ஒருவர் போய்விட்டால்? 2014 நவம்பரில் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியதையும், 2022-ல் பக்கத்து மறைமலைநகரில் ஃபோர்டு கார் தயாரிப்பை நிறுத்தியதையும் இங்கே யாரும் மறக்கவில்லை.

இரண்டாவது வாடிக்கையாளரைத் தேட, முன்பெல்லாம் கேட் செக்யூரிட்டியிடம் விசிட்டிங் கார்டு கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். இப்போது லிங்க்ட்இன் இருக்கிறது. ஆனால், பலர் அங்கேயும் கேட்டில் செய்ததையே செய்கிறார்கள். நட்பு அழைப்பை ஏற்ற அடுத்த நிமிடமே பன்னிரண்டு பக்க பி.டி.எஃப். பர்சேஸ் மேலாளருக்குத் தினமும் இப்படி வந்து குவிவதால், அவர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில், காபி வருவதற்குள் கல்யாணத் தேதி கேட்பது மாதிரிதான் இது.

வேறு வழி என்ன? டிரில் பிட் தீட்டும் பட்டறைக்காரர் ஒருவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். அவர் முதலில் தேட வேண்டியது ஆட்களை அல்ல, அறிகுறியை. ஓர் உதிரி பாக நிறுவனம் ‘அலுமினிய ஹவுசிங் லைனுக்கு சி.என்.சி ஆபரேட்டர் தேவை’ என்று விளம்பரம் போட்டிருக்கிறது. படிப்பவருக்கு அது வேலைவாய்ப்பு. பட்டறைக்காரருக்கு, அங்கே அலுமினியத்தில் துளை போடுகிறார்கள் என்ற செய்தி.

அலுமினியத்துக்கென்று ஒரு தொல்லை உண்டு. அதன் துகள்கள் டிரில்லின் வெட்டும் முனையில் அப்பிக்கொள்ளும். அப்பினால் துளை சொரசொரக்கும். டிரில் வெளியே வரும் பக்கம் பிசிறு நிற்கும். இரும்புக்கு நன்றாக வேலை செய்யும் டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு பூச்சு இங்கே பெரும்பாலும் சரிப்படாது. பூச்சு இல்லாமல் பளபளப்பாகத் தீட்டிய டிரில்லோ, வைரம் போன்ற கார்பன் பூச்சோ பொருந்தும். இது பட்டறைக்காரருக்குக் கைவந்த விஷயம். அவருடைய முதலீடே இதுதான்.

அடுத்து, யாரிடம் பேசுவது? பிசிறு பர்சேஸ் மேலாளரின் தலைவலி அல்ல. புரொடக்‌ஷன் இன்ஜினீயரின் தலைவலி. அவருக்குத்தான் அழைப்பு. இலவசக் கணக்கில் அழைப்போடு சேர்க்கும் குறிப்புக்கு 200 எழுத்துகள்தான் இடம். அதுவும் மாதத்துக்குச் சில குறிப்புகள்தான் அனுப்ப முடியும். ஒருவகையில் நல்லதுதான், பெருமையடிக்க இடமில்லை. “வணக்கம் சார். உங்கள் அலுமினிய லைன் விளம்பரம் பார்த்தேன். துளை வெளிப்பக்கம் பிசிறு வருகிறதா? ஒரகடத்தில் டிரில் தீட்டுகிறேன்.” இவ்வளவு போதும். ஆங்கிலத்தில் அனுப்பினாலும் சாரம் இதுவே.

அவர் ‘ஆமாம், மூணாவது ஷிஃப்ட்டுல அதிகமா வருது’ என்று பதில் போட்டால், அங்கேயும் விலையைச் சொல்லக் கூடாது. எத்தனை துளைக்கு ஒருமுறை டிரில் மாற்றுகிறார்கள், என்ன பூச்சு, கூலன்ட் எப்படி என்று கேட்க வேண்டும். பதிலைப் பார்த்துவிட்டு, “தேய்ஞ்ச டிரில் ரெண்டு கொடுங்க சார், தீட்டித் தர்றேன். ஒரே மெஷின்ல ஓட்டி, எத்தனை துளை போடுதுன்னு எண்ணிப் பாருங்க” என்று சொல்லலாம். அந்த எண்ணிக்கையை இன்ஜினீயரே பர்சேஸுக்கு எடுத்துப் போவார். அதன் பிறகும் வெண்டர் பதிவு, பட்டறை ஆய்வு, விலைப் பேச்சு எல்லாம் இருக்கின்றன. மாதக் கணக்கில் ஆகும். இந்த மாதச் சம்பளத்துக்கு லிங்க்ட்இன்னை நம்பினால் ஏமாற்றம்தான்.

சறுக்கும் இடங்களும் உண்டு. ஒரே குறிப்பைப் பெயர் மட்டும் மாற்றி நூறு பேருக்கு அனுப்பினால், ‘இவரைத் தெரியாது’ என்று நாலு பேர் அழுத்துவார்கள். அழைப்பு அனுப்பும் வசதியையே லிங்க்ட்இன் முடக்கிவிடலாம். இதைவிட ஆபத்து, தன் திறமையைக் காட்ட, வாடிக்கையாளரின் பாகத்தைப் படம் பிடித்துப் போடுவது. இன்னும் சந்தைக்கு வராத மாடலின் பாகமாக அது இருந்தால், ரகசிய ஒப்பந்தம் மீறப்பட்டு இருக்கிற ஒரே ஆர்டரும் போகும். போட வேண்டுமென்றால், தேய்ந்த முனையையும் தீட்டிய முனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போடலாம். டிரில் யாருடையது என்று அதில் தெரியாது.

லைக்குகளை எண்ணுவதில் பயனில்லை. சொந்தக்காரர்களே பாதி போடுவார்கள். முன்பின் தெரியாத இன்ஜினீயர் ஒருவர் திருப்பிக் கேள்வி கேட்டாரா என்பதுதான் கணக்கு. பதிலே வராவிட்டால், இரண்டு வாரம் கழித்து இன்னொரு பயனுள்ள தகவலோடு ஒரே ஒரு முறை எழுதிப் பார்க்கலாம். அதற்கும் பதில் இல்லையென்றால், அடுத்த வேலைவாய்ப்பு விளம்பரத்தைத் தேட வேண்டியதுதான்.