மிக்ஸி ஜாரும் ஆறு நிமிடமும்

போட்டிக் கடைகளில் என்ன விலை ஓடுகிறது என்று பொழுதன்னிக்கும் உலாவியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும் சிறு வியாபாரிக்கு, ஷீட்ஸில் எழுதிய ஒரு ஸ்கிரிப்டும் அதை மணிக்கொரு முறை எழுப்பிவிடும் ட்ரிகரும் பெரிய நிம்மதி. செலவு கிடையாது. கணினியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனாலும் வேலை நடக்கும். ஆனால் அந்த ஓட்டம் பாதியில் நின்றுபோனால் ஷீட் அதைக் காட்டிக்கொள்ளாது. நேற்றைய விலை இன்றைய விலையைப் போலவே அதே செல்லில், அதே எழுத்தில் உட்கார்ந்திருக்கும். என் பயமெல்லாம் அதன்மேல்தான்.

சமையலறைச் சாமான் விற்கும் ஒருவரிடம் 240 பொருள்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் போட்டிக் கடையின் பக்கம் ஒன்று. பக்கத்தை இழுத்து, விலையைப் பிரித்து, செல்லில் எழுத ஒன்றரை விநாடி ஆகிறது. மொத்தம் 360 விநாடி, அதாவது சரியாக ஆறு நிமிடம். ஆப்ஸ் ஸ்கிரிப்டில் ஒரு ஓட்டத்துக்குத் தரப்படும் உச்ச நேரமும் அதே ஆறு நிமிடம்தான். எந்தக் கடையின் தளமாவது கொஞ்சம் மந்தமாக இருக்கும் நாளில், 215-வது வரிசையிலோ 220-வது வரிசையிலோ ஓட்டம் வெட்டுப்படும். `Exceeded maximum execution time` என்று ஓட்டப் பதிவேட்டில் ஒரு வரி விழும். இந்த வெட்டை `try`-`catch` போட்டுப் பிடிக்க முடியாது. ஸ்கிரிப்டுக்குக் கடைசி வார்த்தை சொல்லக்கூட அவகாசம் இல்லை.

அடுத்த மணியில் ட்ரிகர் மறுபடி எழுப்பும். ஸ்கிரிப்ட் மறுபடி முதல் வரிசையிலிருந்து தொடங்கும், மறுபடி அதே இடத்தில் சாகும். மேலே உள்ள இருநூறு பொருள்களுக்கு மணிக்கொரு புது விலை. கீழே உள்ள இருபது சொச்சத்துக்கு வாரக்கணக்கில் பழைய விலை. ஷீட்டைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது மேல் வரிசைகள்தானே? எல்லாம் ஒழுங்காக ஓடுவதாகத்தான் தோன்றும்.

இதற்கு மேலே இன்னொரு கணக்கும் இருக்கிறது. சாதாரண இலவசக் கணக்கில் ஒரு நாளில் ட்ரிகர்கள் ஓடக்கூடிய மொத்த நேரம் 90 நிமிடம். ஓட்டத்துக்கு ஆறு நிமிடம் என்றால் பதினைந்தே ஓட்டத்தில் அது தீர்ந்துவிடும். பதினாறாவது முறை எழுப்பும்போது கிடைப்பது `Service using too much computer time for one day`. மீதி ஒன்பது மணி நேரத்துக்கு ஒரு பொருளின் விலையும் புதுப்பிக்கப்படாது.

பலர் இங்கே தவறான எண்ணைப் பார்த்துத் திருப்திப்படுகிறார்கள். இலவசக் கணக்கில் நாளுக்கு 20,000 முறை வெளித் தளங்களை அழைக்கலாம். நம் வியாபாரி நாள் முழுக்க மணிக்கொரு முறை ஓட்டினாலும் 5,760 அழைப்புதான். அழைப்புக்குப் பஞ்சமே இல்லை, நேரத்துக்குத்தான் பஞ்சம். தளத்துக்குத் தொல்லை தரக்கூடாதென்று ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவே `Utilities.sleep(1000)` போடுபவர்கள் உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தத் தூக்கமும் ஓட்ட நேரத்தில் சேரும். 240 பொருளுக்கு நான்கு நிமிடம் சும்மா இருந்தே கழிந்துவிடும்.

காசு கட்டி அலுவலகக் கணக்கு வாங்கினால் நாளின் 90 நிமிடம் ஆறு மணி நேரமாக உயரும். ஒரு ஓட்டத்தின் ஆறு நிமிடம் மட்டும் அங்கேயும் ஆறு நிமிடம்தான். சொந்தமாக ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், இந்தத் தலைவலியே இராது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதைப் பராமரிக்கத் தெரிந்தவர்களுக்கு அது சரிதான்.

ஷீட்டிலேயே இருக்க விரும்புபவர் செய்ய வேண்டியது, வெட்டுப்படும் முன் தானாகவே நிறுத்திக்கொள்வது. எந்த வரிசை வரை வந்தோம் என்பதை ஸ்கிரிப்டின் சேமிப்பில் குறித்து வைத்துவிட்டு, அடுத்த ஓட்டத்தை அங்கிருந்து தொடங்க வேண்டும்.

```
const t0 = Date.now();
let i = Number(props.getProperty('row')) || 2;
while (i <= last && Date.now() - t0 < 270000) {
  checkRow(i);
  i++;
}
props.setProperty('row', String(i > last ? 2 : i));
```

270000 மில்லி விநாடி என்பது நாலரை நிமிடம். கடைசிப் பக்கம் இழுபட்டாலும் ஒன்றரை நிமிடம் கையிருப்பு இருக்கும். இப்போது ஒரு ஓட்டத்தில் 180 பொருள் முடியும், மீதி 60 அடுத்த ஓட்டத்தில். ட்ரிகரை மணிக்கொரு முறை வைத்தால் சாதாரண நாளில் மொத்தம் 72 நிமிடம், கோட்டாவுக்குள் அடங்கும். தளம் மந்தமாகிப் பக்கத்துக்கு மூன்று விநாடி எடுத்தால் கதை மாறும். அப்போது பெரும்பாலான ஓட்டங்கள் நாலரை நிமிடத்தையும் முழுசாகத் தின்னும், 24 ஓட்டம் சேர்ந்து 90-ஐத் தாண்டிவிடும். அதனால் இரண்டு மணிக்கொரு முறை வைப்பதே என் கட்சி. எவ்வளவு மந்தமானாலும் 12 ஓட்டத்துக்கு 54 நிமிடம், கூடிப்போனால் கொஞ்சம் மேலே. நல்ல நாளில் ஒவ்வொரு பொருளையும் நான்கு மணிக்கொரு முறையும், மோசமான நாளில் ஆறு மணிக்கொரு முறையும் பார்த்துவிடலாம். மிக்ஸி ஜாரின் விலைக்கு அது தாராளம்.

இனி அந்தப் பழைய விலைப் பயத்துக்கு வருவோம். ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் ‘கடைசியாகப் பார்த்த நேரம்’ என்று ஒரு நெடுவரிசை வேண்டும். விலை உண்மையிலேயே கிடைத்தால் மட்டும் அதில் நேரத்தை எழுத வேண்டும். பக்கம் திறந்தது என்பதற்காக எழுதக்கூடாது. மனிதர்தானா என்று சோதிக்கும் பக்கத்தைக்கூடச் சில தளங்கள் வெற்றிகரமான பதிலாகவே அனுப்பும். நேரம் D நெடுவரிசையில் இருந்தால் நிற விதி இப்படி:

```
=$D2<NOW()-0.5
```

பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பழசான வரிசை சிவக்கும். ஒருமுறைகூடப் பார்க்கப்படாத காலி வரிசையும் சிவக்கும், அது நல்லதே. ஒரு சிக்கல்: ஷீட்டில் மாற்றம் நடக்கும்போதுதான் `NOW()` புதுப்பிக்கப்படும், ஸ்கிரிப்ட் செத்துக் கிடந்தால் மாற்றம் ஏது? ஆகவே ஷீட்டின் அமைப்பில் கணக்கீட்டை `On change and every hour` என்று மாற்றி வைக்க வேண்டும்.

விலை கிடைத்ததா என்று முடிவு செய்வதிலும் ஒரு பொறி இருக்கிறது. `parseFloat("1,299")` என்றால் விடை 1. கமாவோடு நின்றுவிடுகிறது. சரி, எண்ணும் புள்ளியும் தவிர எல்லாவற்றையும் நீக்கிவிடலாம் என்று போனால், `Rs. 1,299` என்பதில் உள்ள புள்ளியும் கூடவே வந்து 0.1299 ஆகிவிடும். ரூபாய்க் குறியீட்டை முதலில் கழற்றிவிட்டுக் கமாவை நீக்குவதே சரி. அதற்குப் பிறகும் புது விலை பழைய விலையில் பாதிக்குக் கீழே போனால், விலையை எழுதாமல் அந்த வரிசையில் ‘பார்க்கவும்’ என்று மட்டும் குறிக்கச் சொல்லலாம். பதின்மூன்று காசுக்கு மிக்ஸி ஜார் விற்கும் போட்டியாளரைப் பார்த்து நம் விலையைக் குறைத்துவிடக் கூடாதே.

ஓட்டம் தோற்றால் மின்னஞ்சல் வருமே என்று கேட்கலாம். வரும். இயல்பான அமைப்பில் அது நாளுக்கொரு தொகுப்பாக, ட்ரிகரை உருவாக்கியவரின் பெட்டிக்கு மட்டும் வரும். அதை உருவாக்கிய பையன் வேலையை விட்டுப் போயிருந்தால் கடிதமும் அவனிடமே போகும். ட்ரிகர் அமைப்பில் `Notify me immediately` என்று மாற்றிக்கொள்ளலாம். கடைக்காரரே தன் கணக்கில் ட்ரிகரை உருவாக்கிக்கொள்வது அதைவிட நல்லது.